"எல்லாம் சேர்த்துத்தான் நானா!" - எதையெல்லாம் சேர்த்து?



சில வாரங்களுக்கு முன்பு கிண்ணியாவில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் ஒரு தம்பி என்னிடம் வந்தார். புதிதாக டைல்ஸ் எடுத்து விற்க நினைத்திருக்கிறார். மூன்று இடங்களில் விலை கேட்டு, மூன்றும் அவருடைய கைத்தொலைபேசியில் வட்ஸ்அப் செய்தியாக வந்திருந்தன. ஒருவர் பெட்டி 4,200 ரூபா என்கிறார். அடுத்தவர் 5,100 ரூபா. மூன்றாமவர் 5,225 ரூபா. "காக்கா, ஒரே சாமானுக்கு ஆயிரம் ரூபா வித்தியாசம். 4,200க்குச் சொன்னவரிடம் எடுக்கவா?" என்று கேட்டார்.

"அந்த 4,200க்குள் என்னென்ன இருக்கிறது?" என்று கேட்டேன். தம்பிக்குத் தெரியவில்லை. அவர் கேட்கவுமில்லை, விற்பவர் சொல்லவுமில்லை. இது அவருடைய குறை மட்டுமல்ல. எங்களில் பலர் இருபது, முப்பது வருடம் வியாபாரம் செய்த பின்னரும் "கடைசி விலை என்ன?" என்று கேட்கிறோமே தவிர, "அந்த விலை எதுவரைக்கும்?" என்று கேட்பதில்லை. இந்த வாரம் அந்தத் தம்பியின் மூன்று விலைகளையே எடுத்துக் கணக்குப் பார்ப்போம். விளங்குவதற்கு இலகுவாக எண்களைச் சற்று வட்டமாக்கியிருக்கிறேன். லொறி வாடகையும் கூலியும் ஊருக்கு ஊர், நாளுக்கு நாள் மாறும். எனவே எண்களை விட்டு, கணக்குப் போடும் முறையைப் பிடித்துக் கொள்ளுங்கள்.

முதலில் சாமானைச் சரியாகப் பார்க்க வேண்டும். இரண்டடிக்கு இரண்டடி, அதாவது 60 சென்ரிமீற்றர் டைல்ஸ் ஒரு பெட்டியில் வழமையாக நான்கு இருக்கும். அது 1.44 சதுர மீற்றர், எங்கள் பாஷையில் பதினைந்தரைச் சதுர அடி. ஒரு பெட்டி சுமார் 30 கிலோ வரும். தம்பி கேட்டது 300 பெட்டி. அப்படியென்றால் ஒன்பது தொன் பாரம். மூவரும் சொன்ன பெட்டியில் நான்கு டைல்ஸ்தானா, ஒரே தரம்தானா என்று முதலில் கேட்கச் சொன்னேன். பெட்டியில் மூன்று போட்டு விலை சொல்பவரும் உண்டு. அந்த விலையை மற்றப் பெட்டி விலையோடு ஒப்பிட்டால் கணக்குத் தொடக்கத்திலேயே பிழைத்துவிடும். இங்கே மூவருமே நான்கு டைல்ஸ் பெட்டிக்குத்தான் சொல்லியிருந்தார்கள்.

அடுத்து, மூவருக்கும் ஒரே கேள்விகளை அனுப்பச் சொன்னேன். பதில்கள் வந்தன.

முதலாமவர் கொழும்பில் இறக்குமதி செய்பவர். அவருடைய 4,200 ரூபா அவருடைய ஸ்டோர் வாசலோடு முடிகிறது. வற் வரி தனி. லொறி எங்களுடையது. லொறியில் ஏற்றுகிற கூலியும் எங்களுடையது. ஸ்டோரை விட்டு வெளியேறிய பின் உடைந்தால் அவருக்குப் பொறுப்பில்லை.

இரண்டாமவரும் கொழும்புக்காரர்தான். அவருடைய 5,100 ரூபாவில் வற் அடக்கம், "திருகோணமலை வரை" லொறியும் அடக்கம். ஆனால் திருகோணமலை என்று அவர் சொன்னது டவுனில் உள்ள லொறி ஏஜென்சியின் யார்டை. அங்கிருந்து கிண்ணியாக் கடைக்கு நாம்தான் கொண்டுபோக வேண்டும்.

மூன்றாமவர் குருநாகல் பக்கத்து விநியோகஸ்தர். அவருடைய 5,225 ரூபாவில் கடைவாசலுக்கு வந்து, அவருடைய ஆட்களே இறக்கி, கடை முன்னால் பெட்டியைத் திறந்து பார்த்து, உடைந்ததை அந்த இடத்திலேயே பில்லில் கழித்துவிடுவது வரை எல்லாம் அடக்கம்.

இப்போது கணக்கைப் பாருங்கள்.

முதலாமவரிடம் 300 பெட்டி, 4,200 ரூபாப்படி 1,260,000 ரூபா. அதற்கு 18 வீத வற் 226,800 ரூபா. கூட்டினால் 1,486,800 ரூபா. கொழும்பிலிருந்து கிண்ணியாவுக்கு லொறி வாடகை 75,000 ரூபா என்று வையுங்கள். அங்கே ஏற்ற 3,000, இங்கே இறக்க 4,500 ரூபா நாட்டாமைக் கூலி. மொத்தம் 1,569,300 ரூபா. வழியில் நூற்றுக்கு இரண்டு உடைகிறது என்று கொள்வோம். 300 பெட்டியில் ஆறு பெட்டி போய்விட்டது, விற்கக்கூடியது 294 பெட்டிதான். 1,569,300ஐ 294ஆல் பிரித்தால் ஒரு நல்ல பெட்டி கடையில் நிற்கிற விலை ஏறத்தாழ 5,338 ரூபா.

இரண்டாமவரிடம் 300 பெட்டிக்கு 1,530,000 ரூபா. யார்டிலிருந்து சிறிய லொறியில் இரண்டு தடவை ஏற்றிவர 20,000 ரூபா. யார்டில் ஒருமுறை ஏற்றி, கடையில் ஒருமுறை இறக்க 9,000 ரூபா. மொத்தம் 1,559,000 ரூபா. யார்டு வரை உடைவது அவர் பொறுப்பு. அதற்குப் பிறகு எங்கள் கையில் மூன்று பெட்டி உடைகிறது என்று கொண்டால் மிஞ்சுவது 297. ஒரு பெட்டி 5,249 ரூபா.

மூன்றாமவரிடம் கூட்டவும் இல்லை, கழிக்கவும் இல்லை. உடைந்ததற்கு அவர் காசு கேட்பதில்லை. ஒரு பெட்டி அதே 5,225 ரூபா.

தொலைபேசியில் மிகக் குறைவாகத் தெரிந்தவர் கடைக்கு வந்தபோது மிகக் கூடியவர் ஆகிவிட்டார். மிகக் கூடுதலாகத் தெரிந்தவர் மிகக் குறைந்தவர். ஆயிரம் ரூபா வித்தியாசம் என்று தம்பி நினைத்தாரே, உண்மை வித்தியாசம் பெட்டிக்கு 113 ரூபா, அதுவும் எதிர்ப்பக்கமாக. 300 பெட்டிக்கு அது 30,000 ரூபாவைத் தாண்டும்.

இதைப் பார்த்து முதலாமவர் ஏமாற்றினார் என்று நினைக்க வேண்டாம். அவர் ஸ்டோர் விலையைச் சொன்னார், அது அவருடைய வழமை. கொழும்பில் கடை வைத்திருப்பவருக்கு அது சரியான விலைதான். கிண்ணியாவில் இருந்துகொண்டு அந்த விலையைக் கடைவாசல் விலையோடு ஒப்பிட்டதுதான் பிழை.

இனி வற் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும். ஏனென்றால் இதே மூன்று விலைகள் இன்னொரு கடைக்காரருக்கு வேறு பதிலைத் தரும்.

2024 ஜனவரி முதலாம் திகதியிலிருந்து வற் 18 வீதம். அதற்கு முன் 15 ஆகவும், 2022இன் தொடக்கத்தில் 8 ஆகவும் இருந்தது. 8 வீதமாக இருந்த காலத்தில் "வற் தனியா, சேர்த்தா?" என்று கேட்க மறந்தால் நூறு ரூபாவில் எட்டு ரூபா பிழைக்கும். இன்று பதினெட்டு ரூபா பிழைக்கும். எங்களில் பலருக்குப் பதினெட்டு வீத இலாபமே கிடைப்பதில்லை.

மேலே நான் போட்ட கணக்கு வற்றுக்குப் பதிவு செய்யாத கடைக்கு உரியது. அவருக்கு வற் என்பது கையிலிருந்து போகிற காசு, திரும்பி வராது. அதனால் அவர் வற் சேர்ந்த விலையைத்தான் ஒப்பிட வேண்டும். ஆனால் வற்றுக்குப் பதிவு செய்த கடைக்காரர், தான் வாங்கும்போது கட்டிய வற்றைத் தான் விற்கும்போது அறவிட்டுச் செலுத்த வேண்டிய வற்றிலிருந்து கழித்துக் கொள்ளலாம். அதற்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. விற்பவரும் பதிவு செய்தவராக இருந்து, முறையான வரி விலைப்பட்டியல் தர வேண்டும். சாதாரண பில்லை வைத்துக்கொண்டு கழிக்க முடியாது.

இப்போது திரும்பிப் பாருங்கள். முதலாமவர் வரி விலைப்பட்டியல் தருகிறார். பதிவு செய்த கடைக்காரருக்கு அந்த 226,800 ரூபா கழிந்துவிடும். ஒரு பெட்டி 4,566 ரூபாவுக்கு இறங்குகிறது. இரண்டாமவரும் தருகிறார். 5,100க்குள் அடங்கிய வற்றைக் கழித்தால் ஒரு பெட்டி 4,463 ரூபா. மூன்றாமவரிடம் தம்பி விசாரித்தபோதுதான் அவர் வற்றுக்குப் பதிவு செய்யாதவர் என்று தெரிய வந்தது. அவருடைய "எல்லா வரியும் உட்பட" என்ற சொல்லில் பொய் இல்லை, மேலதிகமாக எதுவும் கேட்கமாட்டார். ஆனால் கழித்துக்கொள்ளவும் அதில் எதுவும் இல்லை. பதிவு செய்த கடைக்காரருக்கு அவருடைய பெட்டி 5,225 ரூபாவிலேயே நிற்கும். அவருக்கு மூன்றாமவர்தான் மிகக் கூடிய விலை, இரண்டாமவர்தான் மலிவு.

எங்கள் தம்பி பதிவு செய்யாதவர், எனவே அவருக்கு மூன்றாமவர் சரி. பக்கத்து வீதியில் பதிவு செய்த பெரிய கடைக்காரருக்கு இரண்டாமவர் சரி. ஆகவே "அவர் அங்கேதானே எடுக்கிறார், நானும் அங்கேயே எடுக்கிறேன்" என்று போகக்கூடாது. பதிவு செய்ய வேண்டிய வருமான எல்லையை அரசாங்கம் அவ்வப்போது மாற்றுகிறது. நீங்கள் எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்பதை வருடத்தில் ஒருமுறையாவது உங்கள் கணக்காளரிடமோ உள்நாட்டு இறைவரித் திணைக்களத்திலோ கேட்டு உறுதிப்படுத்திக் கொள்ளுங்கள்.

விற்பவர் உண்மையில் பதிவு செய்தவரா என்று எப்படி அறிவது? அவருடைய வற் இலக்கத்தைக் கேளுங்கள். அது அவருடைய வரி அடையாள இலக்கமும் அதன் பின்னால் 7000 என்ற முடிவும் கொண்டது. பில்லில் "வற்" என்று ஒரு வரி போட்டுக் காசு சேர்த்திருந்து, எங்கேயும் அந்த இலக்கம் இல்லையென்றால் அங்கே நின்று கேளுங்கள். பதிவு செய்யாதவருக்கு வற் அறவிட உரிமை இல்லை.

வற்றோடு இன்னொன்றும் இருக்கிறது. 2022 ஒக்டோபரில் வந்த சமூகப் பாதுகாப்பு உதவுதொகை வரி, எஸ்.எஸ்.சி.எல். என்று சொல்கிறோமே, அது. சிலர் அதை விலைக்குள் அடக்கிவிடுகிறார்கள், சிலர் பில்லில் தனியாகப் போடுகிறார்கள். வற்றைப் போல இதைப் பதிவு செய்தவரும் கழித்துக்கொள்ள முடியாது. எனவே தனியாகப் போடுபவரின் விலையை ஒப்பிடும்போது அதையும் கூட்டியே பார்க்க வேண்டும்.

லொறிக் கூலியைப் பற்றி எங்கள் மாவட்டத்துக்காரருக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. உலகம் புகழும் துறைமுகம் எங்கள் வாசலில் இருக்கிறது. சீனக்குடா மா ஆலைக்குக் கோதுமையும், சீமெந்துத் தொழிற்சாலைக்குக் கிளிங்கரும் கப்பலில் நேரே வந்து இறங்குகின்றன. ஆனால் எங்கள் கடைகளில் அடுக்கி வைத்திருக்கிற சாமான் பெரும்பாலும் கொழும்புத் துறைமுகத்தில் கொள்கலனில் இறங்கி, ஹபரணை வழியாக ஏறத்தாழ 260 கிலோமீற்றர் லொறியில் வருகிறது. ஆகவே கொழும்பில் சொல்லப்படும் எந்த விலையையும் "இது எந்த இடத்தில் முடிகிறது?" என்று கேட்காமல் நாங்கள் எடுத்துக்கொள்ள முடியாது.

"திருகோணமலை டெலிவரி" என்ற இரண்டு சொல்லில் நானே ஒருமுறை அடிபட்டிருக்கிறேன். கிண்ணியாப் பாலம் 2009இல்தான் திறக்கப்பட்டது. அதற்கு முன் பாதையில் ஏற்றித்தான் சாமான் அக்கரைக்குப் போகும். அந்தக் காலத்தில் கொழும்பு மொத்த வியாபாரி ஒருவரிடம் "டெலிவரியோடு" என்று பேசி, கிண்ணியாவில் கொடுக்க வேண்டிய சாமானுக்குக் காசு கட்டிவிட்டேன். லொறி இக்கரையில் வந்து நின்றது. சாரதி, "எனக்குச் சொன்னது திருகோணமலை, இது திருகோணமலைதானே?" என்றார். இறக்கி, பாதையில் ஏற்றி, அக்கரையில் மீண்டும் இறக்கி, கடைக்குக் கொண்டுபோன கூலியில் அந்த லோட்டின் இலாபம் கரைந்தது. மொத்த வியாபாரியைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை. கேட்காதவன் நான்தானே? இன்று பாலம் இருக்கிறது, ஆனால் அதே இரண்டு சொல்லில் இன்றும் யார்டோடு நின்றுவிடுகிறது சாமான்.

ஆகவே ஊர்ப் பெயர் போதாது. "எந்த வாசல்?" என்று கேளுங்கள். லொறி வந்து நின்றால் முடிந்ததா, இறக்கிக் கொடுப்பதும் சேர்த்தியா என்று கேளுங்கள். லொறி காத்திருந்தால் அதற்குக் காசா என்றும் கேளுங்கள். இன்னொரு விஷயம், லொறி வாடகை பெட்டிக் கணக்கில் இல்லை, பயணக் கணக்கில். முதலாமவரிடம் 300க்குப் பதிலாக 150 பெட்டி எடுத்து அதே லொறியைப் பிடித்தால், பெட்டிக்கு 250 ரூபாவாக இருந்த வாடகை 500 ஆகிவிடும். அளவு மாறினால் பழைய கணக்கை வைத்துக்கொண்டு முடிவெடுக்க வேண்டாம், திரும்பப் போடுங்கள்.

பொதியிடல் மூன்று வேஷத்தில் வரும். முதலாவது, தனிக் காசாக வரும். கண்ணாடித் தகடு எடுப்பவருக்குத் தெரியும், மரச்சட்டம் அடித்ததற்குத் தனி வரி பில்லில் இருக்கும். இரண்டாவது, முற்பணமாக வரும். போத்தல், பிளாஸ்டிக் கூடை போன்றவற்றுக்குக் கட்டிய காசு திருப்பிக் கொடுத்தால்தான் வரும். கொழும்புக்குத் திருப்பி அனுப்புகிற கூலி முற்பணத்தை விடக் கூடினால் அது முற்பணம் இல்லை, விலைதான். மூன்றாவது, நிறையாக வரும். சாக்கோடு நிறுத்த 50 கிலோவா, சாக்குக் கழித்த 50 கிலோவா? ஒரு சாக்கில் சில நூறு கிராம் என்பது நூறு சாக்கில் பல கிலோ. காசாகவும் முற்பணமாகவும் வருவது பில்லில் தெரியும். நிறையாக வருவது எந்தப் பில்லிலும் தெரியாது, தராசில்தான் தெரியும்.

இந்தக் குழப்பம் எங்களுக்கு மட்டும் உரியதல்ல. கடல் கடந்து வியாபாரம் செய்தவர்களுக்கும் இதே சண்டைதான். ஒரே சொல்லை ஒரு நாட்டுக்காரர் ஒருவிதமாகவும், இன்னொரு நாட்டுக்காரர் வேறுவிதமாகவும் விளங்கிக் கொண்டார்கள். பாரிஸில் உள்ள சர்வதேச வர்த்தக சம்மேளனம் 1936இல் அந்தச் சொற்களுக்கு ஒரு பொது விளக்கம் எழுதி வெளியிட்டது. அதைத்தான் இன்கோடேர்ம்ஸ் என்கிறார்கள். அதன் அண்மைய பதிப்பு 2020 உடையது. எப்.ஓ.பி. என்றால் விற்பவரின் பொறுப்பு அங்குள்ள துறைமுகத்தில் கப்பலில் ஏற்றுவதோடு முடியும். சி.ஐ.எப். என்றால் கப்பல் கூலியும் காப்புறுதியும் அவர் கட்டுவார். ஆனால் சாமானின் ஆபத்து அங்கே கப்பலில் ஏறியதுமே எங்களுடையதாகிவிடும். "சி.ஐ.எப். கொழும்பு" என்று சீனாவிலிருந்தோ இந்தியாவிலிருந்தோ ஒரு விலை வந்தால், சுங்கத் தீர்வை, இங்குள்ள வரிகள், துறைமுகத்திலிருந்து விடுவிக்கும் செலவு, கிண்ணியா வரை லொறி, இவை ஒன்றும் அதில் இல்லை. அந்த விதிகளில் எழுத்துக்களுக்குப் பின்னால் ஓர் இடத்தின் பெயரைக் கட்டாயம் எழுத வேண்டும் என்பதைக் கவனியுங்கள். இடம் இல்லாத விலை, பாதி விலை. அதே ஒழுங்கைக் கொழும்பு லொறிக்கும் வைத்துக்கொண்டால் போதும்.

சரி, எப்படிக் கேட்பது? எங்களில் பலர் கேட்கத் தயங்குவதற்கு ஒரு காரணம், "கணக்குக் கேட்கிறானே, என்னை நம்பவில்லையா?" என்று விற்பவர் நினைப்பார் என்ற கூச்சம். இங்கே ஒரு வேறுபாட்டை விளங்கிக் கொள்ளுங்கள். லொறிக்கு எவ்வளவு போட்டீர்கள், பெட்டியில் உங்களுக்கு இலாபம் எவ்வளவு என்று கேட்டால் யாருக்கும் பிடிக்காது. அது அவருடைய இரகசியம். அதைச் சொல்ல வேண்டிய கடமை அவருக்கில்லை. அதனால் எங்களுக்குப் பயனும் இல்லை. நாங்கள் கேட்பது, விலைக்குள் இன்னது இருக்கிறதா இல்லையா என்று மட்டும்தான். அதற்குத் தொகை தேவையில்லை. "உண்டு", "இல்லை" என்ற பதில் போதும். இதைக் கேட்டால் நேர்மையான எந்த வியாபாரியும் கோபித்ததை நான் கண்டதில்லை.

தம்பிக்கு நான் எழுதிக் கொடுத்த செய்தி இதுதான். விரும்பினால் உங்கள் சாமானுக்கு ஏற்ப மாற்றிக் கொள்ளுங்கள்:

"300 பெட்டி, பெட்டியில் நான்கு டைல்ஸ், தரம் இன்னது. உங்கள் விலை ஒரு பெட்டிக்கா, சதுர அடிக்கா? வற்றும் எஸ்.எஸ்.சி.எல்.லும் விலைக்குள்ளா, வெளியேயா? வரி விலைப்பட்டியல் தருவீர்களா? விலை எந்த இடம் வரை, கிண்ணியாவில் எங்கள் கடைவாசல் வரையா? ஏற்று இறக்குக் கூலி யாருடையது? பொதிக்குத் தனிக் காசு உண்டா? உடைந்தால் எங்கே வைத்து எண்ணுவது, யார் பொறுப்பு? இந்த விலை எந்தத் திகதி வரை, காசு எப்போது கட்ட வேண்டும்?"

மூவருக்கும் ஒரு சொல்லும் மாறாமல் ஒரே செய்தியை அனுப்ப வேண்டும். ஒருவரிடம் 300 பெட்டிக்கும் இன்னொருவரிடம் "கொஞ்சம் எடுப்பேன்" என்றும் கேட்டால் வருகிற விலைகள் ஒப்பிட ஆகாது. கைக்காசு விலையும் 45 நாள் கடன் விலையும் அப்படித்தான். ஒருவரிடம் கைக்காசுக்குக் கேட்டால் எல்லோரிடமும் கைக்காசுக்கே கேளுங்கள்.

பதில் "எல்லாம் சேர்த்துத்தான் நானா!" என்று வந்தால் அதோடு விட்டுவிடாதீர்கள். சண்டையும் வேண்டாம். நீங்களே திருப்பி எழுதுங்கள்: "சரி, அப்படியென்றால் 5,100க்குள் வற், கடைவாசல் வரை லொறி, இறக்குகூலி எல்லாம் அடக்கம் என்று எடுத்துக் கொள்கிறேன்." அவர் ஆம் என்றால் அது எழுத்தில் இருக்கிறது. இல்லையென்றால் அப்போதே சொல்லிவிடுவார். இரண்டாமவருடைய யார்டு விஷயம் தம்பிக்குத் தெரிய வந்தது இப்படித் திருப்பி எழுதிய பிறகுதான். தொலைபேசியில் பேசியிருந்தால் இருவருமே நல்லெண்ணத்தோடு இரண்டு வெவ்வேறு விஷயத்துக்கு உடன்பட்டிருப்பார்கள். தவணைக் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளுமாறு அல்லாஹ் கட்டளையிடும் ஸூரா அல்பகராவின் 282ஆம் வசனம் திருக்குர்ஆனிலேயே மிக நீளமான வசனம் என்பதை இங்கே நினைவுபடுத்துகிறேன்.

இந்தக் கணக்குக்கும் எல்லை உண்டு. உடைவு நூற்றுக்கு இரண்டு என்று நான் போட்டது ஒரு மதிப்பு. உங்கள் பாதையில், உங்கள் சாரதியின் கையில் அது ஒன்றாகவும் இருக்கலாம், நான்காகவும் இருக்கலாம். ஒரு கொப்பியில் நான்கைந்து லோட்டுக்கு எத்தனை உடைந்தது என்று குறித்து வையுங்கள், பிறகு உங்கள் எண் உங்களுக்குத் தெரியும். சொன்ன நாளில் சாமான் வருமா, நிறம் மாறாமல் அடுத்த லோட்டும் கிடைக்குமா என்பதையும் இந்தக் கணக்குச் சொல்லாது. பத்துப் பெட்டி எடுப்பவர் இவ்வளவு மெனக்கெடவும் வேண்டியதில்லை. ஆனால் லொறிக் கணக்கில் எடுப்பவர், பில் வந்ததும் அந்த வட்ஸ்அப் பதிலை எடுத்துப் பக்கத்தில் வைத்து வரிக்கு வரி பார்க்க வேண்டும். பேசாத ஒரு வரி பில்லில் இருந்தால், காசு கட்ட முன் கேட்டால் அது திருத்தம். கட்டிய பின் கேட்டால் அது தகராறு.

இதில் மார்க்கத்தின் பக்கமும் இருக்கிறது. விலை அறியப்பட்டதாக இருக்க வேண்டும் என்பது வியாபார ஒப்பந்தத்தின் அடிப்படை. அதில் தெளிவின்மை புகுந்தால் அதைக் கரர் என்று உலமாக்கள் கூறுவர். வாங்குபவரும் விற்பவரும் உண்மை பேசித் தெளிவுபடுத்தினால் அவர்களது வியாபாரத்தில் பரகத் உண்டாகும், மறைத்தால் அந்தப் பரகத் அழிக்கப்படும் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் கூறிய ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. தெளிவுபடுத்துவது விற்பவரின் வேலை மட்டுமல்ல, இருவரையும் சேர்த்தே அந்த ஹதீஸ் பேசுகிறது.

அந்த மூன்றாமவரை நினைத்துப் பாருங்கள். எல்லாவற்றையும் சேர்த்து, பின்னர் ஒரு சதமும் கேட்காத விலையைச் சொன்னவர் அவர். கேள்வி கேட்காமல் தம்பி முடிவெடுத்திருந்தால் முதலில் தள்ளப்பட்டிருப்பவரும் அவர்தான். நாங்கள் கேட்காமல் வாங்கிக்கொண்டே இருந்தால், அடுத்த முறை அவரும் லொறியையும் வரியையும் வெளியே எடுத்துவிட்டுச் சிறிய எண்ணைச் சொல்லப் பழகிவிடுவார். பிறகு சந்தையில் முழு விலை சொல்ல ஒருவரும் மிஞ்சமாட்டார்.

தம்பி மூன்றாமவரிடமே 300 பெட்டி எடுத்தார். லொறி கடைவாசலில் வந்து நின்றது. அவர்களுடைய ஆட்களே இறக்கினார்கள். நான்கு பெட்டி உடைந்திருந்தது. பில்லில் 296 பெட்டிக்குத்தான் காசு எழுதப்பட்டது.